முடிவு செய்யப்பட்டது: யார் செய்வது, என்றைக்குள்?

(தில்லியில் தமிழ்க் கிளைகளின் செயலாளர்களுக்காக நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் மொழிபெயர்ப்பாளன். சுற்றறிக்கைகளையும் அறிக்கைகளையும் தமிழாக்குவது என் அன்றாடப் பணி. இத்தனை ஆண்டுகளில் மிக அதிகமாக எழுதிய சொற்றொடர் எது என்று என்னைக் கேட்டால், "உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என முடிவு செய்யப்பட்டது" என்பதைத்தான் சொல்வேன். இலக்கணப்படி இதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் இவ்வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும், யார் செய்வார், என்று செய்வார், என்ன செய்வார் என்ற மூன்றும் தெரியவே தெரியாது.

ஒரு தெரிநிலை வினை ஆறு பொருள்களை உணர்த்தும் என்கிறது நன்னூல். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவை. முதுகலை வகுப்பில் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தேன். கிளைக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்த பிறகுதான் இதன் பயன் விளங்கியது. செயப்பாட்டு வினை செய்பவனை மறைக்கிறது. "விரைவில்" என்ற சொல் காலத்தை மறைக்கிறது. "உரிய நடவடிக்கை" செய்பொருளை மறைக்கிறது. மூன்றும் மறைந்த பிறகு அடுத்த கூட்டத்தில் எதைப் பற்றி, யாரிடம் கேட்பது?

எங்கள் கிளையில் நடந்ததையே சொல்கிறேன். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் கூட்டத்தில், எங்கள் குடியிருப்பில் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்துப் பல மாதங்களாகக் காத்திருக்கும் 23 குடும்பங்களின் பிரச்சினை வந்தது. நல்ல விவாதம் நடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பங்களின் நிலையைக் கேட்பது என்று முடிவெடுத்தோம். நான் மினிட் புத்தகத்தில், "தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அளித்து உரிய நடவடிக்கை மேற்கொள்வது என முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்தான் எழுதினேன்.

செப்டம்பர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றொருவர் அனுப்பியிருப்பார் என்று நினைத்திருந்தது தெரிந்தது. அக்டோபர் நடுவில் நானே 23 பேருக்கும் சேர்த்து ஒரே மனுவை அனுப்பினேன். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால், அக்கெடு முடிந்த நாளிலிருந்து மேலும் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பதில் வரவில்லை. நவம்பர் நடுவில் முதல் கெடு முடிந்தது; டிசம்பர் நடுவில் இரண்டாவதும் முடிந்தது. ஜனவரியில் ஒரு தாய்மார் வழியில் நிறுத்தி, "அந்தக் காகிதம் என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. தகுந்த காரணம் காட்டினால் தாமதமான மேல்முறையீட்டையும் ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. மறந்துவிட்டேன் என்பது தகுந்த காரணமாகுமா?

கூட்டு முடிவு என்பதன் பெயரால் தனிநபர் பொறுப்பைக் கரைத்துவிடும் இந்த நோயைப் பற்றி லெனின் 1919 ஜூலையில், டெனிகினின் படைகள் முன்னேறிக்கொண்டிருந்த நேரத்தில், கடுமையாக எழுதியிருக்கிறார். கூடி விவாதிப்பது வேண்டும். ஆனால் திட்டமான ஒரு வேலைக்குத் திட்டமான ஒரு நபர் பொறுப்பேற்பதும் அதனுடன் சேர வேண்டும் என்பது அவர் வாதம். போர்முனைக்காகச் சொன்னதைக் கிளைக்குப் பொருத்துவது மிகை என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை.

இந்த ஆண்டு ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, இதே பிரச்சினையை மீண்டும் எடுத்தோம். இம்முறை முடிவை ஒரே வரியாக எழுத வேண்டாம் என்று செயலாளர் சொன்னார். வழக்கறிஞரான தோழர் ஒருவரிடம் முன்னதாகவே கேட்டிருந்தோம். ஒருவர் பெயரில் 23 குடும்பங்களின் விவரத்தைக் கேட்டால், பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வாய்ப்புண்டு. அந்தந்தக் குடும்பமே தன் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்பது பாதுகாப்பு என்றார் அவர். எனவே வேலை நான்காகப் பிரிந்தது. விண்ணப்ப எண்களைத் திரட்டுவது ஒன்று. இந்தியில் மனு எழுதுவது ஒன்று. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர்கள் வாங்கி, கையொப்பம் பெற்று, விரைவு அஞ்சலில் அனுப்புவது ஒன்று. 30 நாள் கெடுவைக் கண்காணிப்பது ஒன்று.

ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர்தான் எழுதினோம். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம், கேட்கப்படுபவர் ஒருவரே. இரண்டு பெயர் எழுதினால் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்ப்பார். கூட்டத்துக்கு வராதவர் தலையில் எதையும் சுமத்துவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். அங்கேயே தொலைபேசியில் அழைத்து அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் பெயர் ஏறும். தேதியையும் நாங்கள் விதிக்கவில்லை. எண்களைத் திரட்ட முன்வந்தவர் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் தோழர். குடியிருப்பே அவரை அக்கா என்றுதான் அழைக்கும். ஒரு வாரத்தில் முடியுமா என்று செயலாளர் கேட்டார். "மாலை ஏழு மணிக்கு மேல்தான் என்னால் வீடுவீடாகப் போக முடியும், தோழர். ஞாயிறு 8ஆம் தேதி இரவு தருகிறேன்" என்றார். அந்தத் தேதியை எழுதினோம். தானே சொன்ன தேதியை மனிதர் எளிதில் மறப்பதில்லை.

தேதியைவிடக் கடினமானது, வேலை முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்று எழுதுவது. "எண்களைத் திரட்டுதல்" என்று எழுதினால் பத்து எண்களோடு நின்றாலும் திரட்டியதாகவே தோன்றும். ஆகவே, "குடும்பத் தலைவர் பெயரும் விண்ணப்ப எண்ணும் கொண்ட 23 வரிப் பட்டியல், செயலாளர் கையில்" என்று எழுதினோம். அஞ்சல் வேலைக்கு அடையாளம் அஞ்சலகம் தரும் ரசீது. "அனுப்பிவிட்டேன்" என்ற வாய்மொழி போதாது. போஸ்டல் ஆர்டர் எந்த அதிகாரியின் பெயருக்கு எடுக்கப்பட வேண்டும் என்பதைச் சரிபார்ப்பதும் அந்த வரியிலேயே சேர்ந்தது. பெயர் தவறினால் மனு திரும்பிவிடும். போன நாட்கள் திரும்பா.

இனி இடைவிசாரிப்பு. இதைத்தான் பல கிளைகள் விட்டுவிடுகின்றன, அல்லது காவல் நிலைய விசாரணையாக்கிவிடுகின்றன. எங்கள் செயலாளர் புதன்கிழமை இரவு அக்காவை அழைத்தார். கேட்டது இவ்வளவுதான்: "பட்டியல் எத்தனை வரி ஆகியிருக்கிறது, தோழர்? ஏதாவது தடை உண்டா?" நன்றாக நடக்கிறதா என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். எத்தனை வரி என்று கேட்டால் எண் வரும். பதினான்கு என்றார். தடை உண்டா என்ற கேள்விக்குத்தான் உண்மை வெளிப்பட்டது: ஐந்து குடும்பங்கள் ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிட்டன, எண் கிடைக்க வழியில்லை, அவர்களுக்காக அவர் மூன்று நாளாக அலைந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை கேட்டிருக்காவிட்டால் இது ஞாயிறு இரவுதான் தெரிந்திருக்கும். மற்ற பதினெட்டுக் குடும்பங்களும் ஐந்து பேருக்காகக் காத்திருக்கும். செயலாளர் அன்றிரவே மற்ற மூன்று பொறுப்பாளர்களிடமும் பேசி, பதினெட்டோடு முன்னே செல்வது, ஐந்தைத் தனி வரியாக்கி அடுத்த கூட்டத்தில் பொறுப்பாளரை முடிவு செய்வது என்று மாற்றினார். அக்கா மீது குறை சொல்லப்படவில்லை. குறை சொல்லியிருந்தால் அடுத்த முறை "எல்லாம் சரிதான்" என்றே பதில் வந்திருக்கும்.

ஜூன் 12இல் பதினெட்டு உறைகள் சென்றன. 16ஆம் தேதி அலுவலகத்தில் சேர்ந்ததை அஞ்சல் எண்களைக் கொண்டு உறுதி செய்தோம். கெடு ஜூலை 16. அதிலிருந்து 30 நாள் என்றால் ஆகஸ்ட் 15, அன்று விடுமுறை. கெடுவைக் கண்காணிக்கும் தோழர், ஆட்டோ ஓட்டுபவர், இதைக் கவனித்து மேல்முறையீட்டுக்கு எங்கள் தேதியாக ஆகஸ்ட் 8 என்று எழுதச் செய்தார். சட்டம் தரும் கடைசி நாளை நம் கடைசி நாளாக வைக்கக்கூடாது என்பது அவர் கருத்து. ஜூலை 16க்குள் பதினொரு பதில்கள் வந்தன. சிலவற்றில் முகவரிச் சான்று போதவில்லை என்ற காரணம் முதன்முறையாக எழுத்தில் கிடைத்தது. ஏழு பேருக்குப் பதில் இல்லை. அந்த ஏழு மேல்முறையீடுகளும் ஆகஸ்ட் 7இல் அஞ்சலில் சேர்ந்தன.

கூட்டத்தின் தொடக்கத்தையும் மாற்றிக்கொண்டோம். அரசியல் அறிக்கைக்கு முன்பாகவே பழைய வரிகளைப் படித்துவிடுகிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் மூன்றில் ஒரு முடிவு: முடிந்தது, புதிய தேதி, அல்லது கைவிடுகிறோம். கைவிடுவதில் வெட்கமில்லை, ஆனால் அதைக் கிளை தீர்மானிக்க வேண்டும், மறதி தீர்மானிக்கக்கூடாது. ஒரே வரிக்கு இரண்டாம் முறை புதிய தேதி கேட்கப்பட்டால், ஆளை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கும்.

இம்முறையில் குறையும் உண்டு. நான்கு மாத மினிட் புத்தகத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட வரிகள் மூன்றே பேரின் பெயரில் இருந்தன. அக்காவின் பெயர் அவற்றில் முதலாவது. செய்பவரிடமே வேலை போய்ச் சேரும். ஏட்டில் பெயர் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. ஆனால் ஏடு அதைத் தானே சரிசெய்யாது. செப்டம்பர் கூட்டத்தில் அவர் பெயரில் புதிய வரி எதுவும் எழுதவில்லை. அன்று ஒரு வேலைக்கு யாரும் கை தூக்காமல் நெடுநேரம் அமைதி நிலவியது; அதைக் கைவிட்டோம்.

சீட்டைத் தொலைத்த அந்த ஐந்து குடும்பங்களின் வரி ஜூலைக் கூட்டத்திலிருந்து என் பெயரில் இருக்கிறது. ஒரு முறை புதிய தேதி வாங்கிவிட்டேன். மூன்று எண்களைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டு குடும்பங்கள் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தேதி இம்மாதம் 20. பதினேழாம் தேதி இரவு செயலாளர் என்னை அழைப்பார்.