மசக்கைக்கு மணிக்கணக்கு கிடையாது
(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மகப்பேறு வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் அங்கே அதிகம் கேட்ட குறை ஒன்று உண்டு. "காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள், சாயங்காலம் சமையல் நேரம் வந்தால் மட்டும் வாந்தி என்கிறாள்" என்று மாமியார் சொல்வார். மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்தப் பெண் நடிக்கவில்லை. ஆங்கிலத்தில் இதைக் காலை நோய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் மசக்கை என்ற சொல்லில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தினர் 256 பெண்களை மணிக்கு மணி குறிப்பு எழுத வைத்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். வாந்தி முற்பகலில் கூடுதலாக இருந்தாலும், குமட்டல் நாள் முழுக்க இருந்தது.

காரணம் என்ன? ஜி.டி.எஃப்-15 என்ற ஒரு புரதம் நம் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் உண்டு. கருத்தரித்ததும் கருவும் நஞ்சுக்கொடியும் அதை ஏராளமாகத் தாயின் ரத்தத்தில் சேர்க்கின்றன. அது மூளையின் அடித்தண்டில் உள்ள குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது. ரத்தத்தில் எந்நேரமும் இருப்பதற்கு விடிந்ததா, இருட்டியதா என்று தெரியாது. 2023 டிசம்பரில் வந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கர்ப்பத்துக்கு முன்பே இந்தப் புரதம் அதிகமாக இருந்து உடல் பழகியிருந்தால் மசக்கை குறைவு. இலங்கையில் தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள பெண்களுக்கு அது எப்போதும் அதிகம். அவர்களில் மிகச் சிலருக்கே மசக்கை வந்திருந்தது. ஆக, ஒருத்திக்கு ஒன்றுமில்லாமல் போவதும் அவள் தங்கை படுத்துவிடுவதும் மனத்திடத்தைப் பொறுத்ததல்ல.

புரதம் அடித்தளம் போட்டுவைக்கிறது. வெறும் வயிறு, வாசனை, களைப்பு ஆகியவை அதைக் கிளப்பிவிடுகின்றன. இரவு முழுக்க வயிறு காலியாக இருப்பதால்தான் சிலருக்குக் காலையில் அதிகம்.

எட்டாவது வாரத்தில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி. எட்டு மணிக்கு இட்லி. பிறகு ஒரு மணி வரை ஒன்றுமில்லை, அப்போது வயிறு நிறையச் சாப்பாடு. நான்கு மணிக்கு டீ. ஆறு மணிக்கு டக்ட் வழியாகப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை வரும். நம் கோட்டை மலைப் பாறைகள் பகல் வெயிலை விடும் புழுக்கமும் சேரும். வாந்தி.

இவள் என்ன மாற்றலாம்? தலைமாட்டில் ஒரு டப்பாவில் ரஸ்க் அல்லது பொரி. கண் விழித்ததும் படுத்தபடியே இரண்டு வாய் தின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழ வேண்டும். காபி பிறகுதான். அதன்பின் இரண்டு மணிக்கொரு முறை ஒரு கைப்பிடி: பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, அரை இட்லி, எது பிடிக்கிறதோ அது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே மடக்கு மடக்காகக் குடிக்கலாம். ஆறிய உணவில் வாசனை குறைவு. தயிர்சாதம் பலருக்குத் தங்கும். முக்கியமாக, ஆறு மணி வரை காத்திராமல் ஐந்தரைக்கே ஏதாவது தின்றுவிட்டு, டக்ட் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். தாளிப்பை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். கணவருக்கும் கடுகு வெடிக்கும்.

கால் டீஸ்பூன் சுக்குப் பொடியை வெந்நீரில் கலந்து, நாளைக்கு இரண்டு முறை குடித்தால் சிலருக்குக் குமட்டல் தணியும். நெஞ்செரிச்சல் வந்தால் விட்டுவிடுங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல் வாய் கொப்பளியுங்கள். அமிலம் பட்ட பல் தேயும். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும். அரசுத் திட்டத்தில் அது நான்காம் மாதத்தில்தான் தொடங்குகிறது. முன்பே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் மூன்று மாதத்து ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், மருத்துவர் எழுதித் தரக்கூடிய, கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் பாதுகாப்பான மாத்திரைகள் உண்டு. கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம்.

பொதுவாக ஒன்பதாவது வாரம் உச்சம். பதினாறுக்குள் பெரும்பாலோருக்கு அடங்கும். ஒன்பது வாரம் கடந்து முதன்முறையாகத் தொடங்கினாலோ, காய்ச்சல், வயிற்றுவலி சேர்ந்தாலோ வேறு காரணம் தேட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, ஐம்பது கிலோ இருந்தவள் இரண்டரை கிலோ இறங்கிவிட்டாள் என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவானால் 108.

அங்கே, எத்தனை வாரமாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பில் பி-1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டு அனுப்புங்கள்" என்று நாமாகக் கேட்கக் கூடாது.