பத்தாயிரம் டவுன்லோடு சரி, அதுல உங்க வேலை எது?

போன வாரம் போடியில இருந்து ஒரு தம்பி தன்னோட ரெஸ்யூமை அனுப்பி, "பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு கேட்டான். ஆண்ட்ராய்டு டெவலப்பர் வேலைக்கு. நண்பர்கள் மூணு பேர் சேர்ந்து ஏலக்காய் விலை ஆப் ஒண்ணு செஞ்சிருக்காங்க. போடி ஸ்பைசஸ் போர்டு மையத்துல நடக்குற இ-ஏலத்தோட விலையை, மலைத் தோட்டத்துல இருக்கிறவங்க போன்லயே பாத்துக்கலாம்.

ரெஸ்யூம்ல அதுக்கு ஒரே வரி: "ஏலக்காய் விலை ஆப் உருவாக்கினேன். 10,000+ டவுன்லோடு, ரேட்டிங் 4.6."

பிளே ஸ்டோர்ல 10,000+னு இருந்தா, பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கு, ஐம்பதாயிரத்தைத் தொடலன்னு மட்டும்தான் அர்த்தம். போட்டுட்டு மறுநாளே தூக்கினவங்களும் அதுல உண்டு. இன்னைக்கு எத்தனை போன்ல ஆப் இருக்குங்கிறது பிளே கன்சோல்ல தெரியும். பாக்கச் சொன்னேன். 3,800. கொஞ்சம் முகம் வாடிட்டான். ஆனா இன்டர்வியூ எடுக்கிறவருக்கு இந்த எண்தான் பேச்சு தொடங்குற இடம். 4.6ங்கிறதும் அப்படித்தான். எத்தனை பேர் போட்ட ரேட்டிங்னு பக்கத்துல இல்லன்னா, உங்க சித்தப்பா, அத்தை பசங்க போட்டதாவே இருக்கலாமே!

அடுத்து, "நீ என்னடா செஞ்ச?"ன்னு கேட்டேன். "எல்லாரும் சேர்ந்துதாண்ணே" அப்படின்னான். ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல இதை ஓட்டச் சொன்னேன்:

```
git shortlog -sn --no-merges
```

யார் எத்தனை கமிட்னு வரும். இவன் பேர்ல 31, மத்த ரெண்டு பேருக்கும் நூத்துக்கு மேல. "இதைப் போய் எப்படிண்ணே காட்டுறது?"ன்னு பயந்துட்டான். எண்ணிக்கையை அப்படியே நம்பவும் முடியாது. பல கமிட்டை ஒண்ணாச் சுருக்கி மெர்ஜ் பண்ணினா அது ஒண்ணாத்தான் எண்ணப்படும். வேற லேப்டாப்ல வேற பேர் வெச்சிருந்தா ஒரே ஆள் ரெண்டா வருவாரு.

அதனால அந்த 31-ஐயும் திறந்து பாத்தோம். சிக்னல் இல்லாதப்பவும் கடைசி விலை தெரியுற பகுதி முழுக்க இவன் எழுதினது! விலையை Room-ல சேமிச்சு, நெட் வந்ததும் WorkManager வழியா புதுப்பிக்குறான். போடிமெட்டுப் பக்கம் தோட்டத்துல இருக்கிறவருக்கு ஆப்போட உயிரே அதுதான். ரெஸ்யூம்ல இந்த ரெண்டு பேரும் கடைசியில, பன்னெண்டு லைப்ரரிக்கு நடுவுல கிடந்துச்சு.

WorkManager-ல திரும்பத் திரும்ப ஓடுற வேலைக்குக் குறைஞ்ச இடைவெளி 15 நிமிஷம். ஏலம் நடக்கும்போது விலை அதுக்குள்ள மாறிடுமே? இவன் அதை யோசிச்சிருக்கான். ஆப் திறந்திருந்தா நேரா சர்வர்ல கேட்கும், மூடியிருந்தா மட்டும் WorkManager. லைப்ரரி பேரை எழுதினா இந்த மாதிரிக் கேள்வி கண்டிப்பா வரும். பதில் இல்லாத பேரையெல்லாம் எடுத்துட்டோம். பன்னெண்டு அஞ்சாச்சு.

இப்போ அந்த வரி இப்படி இருக்கு: "மூவர் குழு. ஆஃப்லைன் விலைப் பகுதி முழுவதும் என் பொறுப்பு (Room, WorkManager). தற்போது 3,800 போன்களில் பயன்பாட்டில், ரேட்டிங் 4.6, 140 பேர்." கீழ பிளே ஸ்டோர் லிங்க், அவனோட கமிட்டுகளுக்கு லிங்க். மத்த ரெண்டு பேர்கிட்டயும் இந்த வரியைக் காட்டிட்டு அனுப்புன்னு சொன்னேன். அவங்களும் அதே ஆப்பைத்தான் ரெஸ்யூம்ல போடுறாங்க.