லங்காதிலகப் பாறையிலே தமிழ் எழுத்து

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்டியிலிருந்து பேராதனை வழியாக உடுநுவரைப் பக்கம் சென்றால், பன்ஹல்கல என்னும் பாறையின்மீது லங்காதிலக விகாரை எழுந்து நிற்பதைக் காணலாம். கம்பளையிலிருந்து அரசாண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்திலே, அமைச்சர் சேனாலங்காதிகாரரின் முயற்சியால் 1344ஆம் ஆண்டில் எழுந்த ஆலயம் அது. அதனைக் கட்டிய ஸ்தபதி ராயர் தென்னிந்தியச் சிற்பி. கிழக்கு வாயிலால் நுழைந்தால் புத்தர் பெருமான். மேற்குப் புறமாகச் சுற்றி வந்தால் தேவாலயம். அங்கே கணபதியும் கந்தனும் விபீஷணனும் இருக்கின்றனர். நம்மவர் பலர் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். வெளியிலுள்ள பாறையை யார் பார்க்கிறார்கள்?

அந்தப் பாறையிலே சிங்களச் சாசனமும், அதனோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டுள்ளன. விகாரைக்கு விடப்பட்ட நிலங்களைப் பற்றியவை அவை. தமிழ்ச் சாசனத்தின் ஆண்டு சகம் 1266. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் 1344 வரும். (சக ஆண்டு சித்திரையை ஒட்டிப் பிறப்பதால், தை, மாசி மாதங்களுக்கு 79 கூட்ட வேண்டும்.) அறிஞர்கள் இவற்றை வாசித்துப் பதிப்பித்துவிட்டார்கள். அப்படியிருக்க, நாம் படமெடுத்து வரைவதால் ஆவதென்ன? பாறை வெயிலிலும் மழையிலும் தேய்கின்றது, பாசி படர்கின்றது. இன்ன ஆண்டில் இன்ன எழுத்து இன்ன நிலையில் இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பிற்காலத்தவர் நம்பத்தக்கதாய் இருக்க வேண்டும்.

முதலில் விகாரையாரிடம் அனுமதி பெறுதல் வேண்டும். மசித்தாளை ஒற்றிப் படியெடுப்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்கு உட்பட்ட காரியம். அதைத் திணைக்களத்தாரிடமே விட்டுவிட வேண்டும். நமக்குரியவை கமராவும் பென்சிலும்.

நடுப்பகலில் எடுத்த படம் பெரும்பாலும் பயன்படாது. நேர் வெயிலில் எழுத்தின் பள்ளத்துக்கு நிழல் இல்லை. பாறை வெறும் சாம்பல் நிறமாகவே தெரியும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பாறையைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வரும்போது, ஒவ்வொரு பள்ளமும் கறுத்து நிற்கும். அத்தகைய வெளிச்சம் வராத இடத்தில் டார்ச் விளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் ஓரமாகப் பிடிக்கலாம். ஆனால் ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் போதாது. விளக்கு இடப்பக்கமிருந்தால் குறுக்குக் கோடு மறைந்துபோகும். மேலே பிடித்தால் நெடுங்கோடு மறைந்துபோகும். ஆகையால் கமராவை அசைக்காமல், விளக்கை மாத்திரம் மாற்றி நான்கு படம் எடுக்கிறோம். கமரா பாறைக்கு நேராக நோக்க வேண்டும். படத்திற்குள் அளவுகோல் கிடக்க வேண்டும். எழுத்து துலங்கட்டும் என்று சோக்கட்டியால் தீட்டுவதை நாங்கள் அடியோடு விலக்குகிறோம். தீட்டுகிறவர் தாம் நினைத்த எழுத்தையே தீட்டுகிறார். பிறகு படத்தில் பாறை பேசுவதில்லை, சோக்கட்டியே பேசுகின்றது.

வரைதல் இதனினும் கடினம். அக்காலக் கல்வெட்டுத் தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். ரகரமும், ஆகார ஒலிக்குரிய காலும் ஒரே கோடுதான். ஓர் உதாரணம் சொல்கிறோம். கல்லில் தகரம், ஒரு கோடு, னகரம், மகரம் என்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். நிலக்கொடைச் சாசனமாதலால் உடனே ‘தானம்’ என்று வாசித்துவிடுவோம். அந்த வாசிப்புச் சரியாகவே இருக்கலாம். ஆயினும் அந்தக் கோட்டைக் காலென்று தீர்த்தது நமது கருத்தேயன்றி நமது கண்ணன்று. ‘தரனம்’ என்பதற்குப் பொருளில்லை என்றுதானே அதைத் தள்ளினோம்? ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வருமிடத்தில் கருத்து இப்படி உதவாது. அங்கேதான் ஆளுக்கொரு வாசிப்பு முளைக்கும்.

இதனால் இரண்டு தாள் வைத்துக்கொள்கிறோம். முதற்றாளில், பத்துச் சென்ரிமீற்றர்க் கட்டங்களாக நூல் கட்டிய சட்டத்தைப் பாறைமேல் பிடித்து, கட்டம் கட்டமாகக் கோடுகளை மட்டும் வரைகிறோம். ஐயமற்ற கோடு முழுக்கோடு, ஐயமானது புள்ளிக்கோடு, பாறை பொரிந்துபோன இடம் சாய்கோட்டு நிழல். அங்கே புள்ளி வைப்பதுமில்லை, சொல் பிரிப்பதுமில்லை. வாசிப்பு எல்லாம் இரண்டாம் தாளில். இருவர் தனித்தனியே வரைந்த பின்னரே ஒப்பிட வேண்டும். இருவர் தாளும் வேறுபடும் இடங்களுக்கே மறுபடியும் விளக்கோடு போகிறோம். பதிப்பித்த வாசகத்தை முன்னரே மனப்பாடம் செய்து வந்தவர் வரையும் தாளில் வேறுபாடே வராது. அதனாலேயே அந்தத் தாளை நாங்கள் நம்புவதில்லை.

பெரியோர்கள் ஒன்று கேட்கலாம்: “பௌத்த விகாரையில் தமிழ் எழுத்து இருக்கிறதென்றால் அது நமக்குப் பெருமையல்லவா? அதை எடுத்துச் சொன்னாற் போதாதா?” சொல்லலாம். ஆனால் அதே பாறையிலுள்ள சிங்களச் சாசனத்தையும் அதே அளவுகோலோடு படமெடுத்தாலன்றி நமது சொல் பாதிச் சொல்லே. அரசன் ஒருவன், கொடை விகாரைக்கு, கட்டியவர் தென்னாட்டார், வெட்டிய மொழி இரண்டு. தமிழ்ப் பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்த படம் இந்தச் செய்தியைத் தராது.

அடுத்ததாகக் கடலாதெனியா விகாரைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அதுவும் 1344ஆம் ஆண்டினதே. கணேசுவராசாரி என்ற தென்னாட்டுச் சிற்பி கல்லால் அமைத்தது. அங்குள்ள பாறைச் சாசனம் சிங்களத்தில் உள்ளது. ஆதலால் சிங்கள எழுத்து நன்கறிந்த நண்பர் ஒருவர் எங்களுடன் வருகிறார். நூற்சட்டம் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும். தச்சுவேலை தெரிந்த அன்பர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களைக் காண வேண்டுகிறோம்.