எரிவாயுச் சிலிண்டரில் உறைபனி

கல்யாண வீட்டின் பின்வளவில் பெரிய அடுப்பொன்று மூட்டப்பட்டிருக்கிறது. அதன்மேற் கிடாரத்தில் அரிசி கொதிக்கிறது. சற்றுத் தள்ளி நிற்கும் எரிவாயுச் சிலிண்டரின் கீழ்ப்பாதி முதலில் வியர்க்கிறது. பின்னர் வெள்ளை பூசியதுபோல் உறைபனி படர்கிறது. நெருப்பை ஊட்டும் பாத்திரம் தானே குளிர்ந்து விறைத்துப்போவதைக் கண்டோர், வாயு ஒழுகுகிறதென்று அஞ்சுவர். அல்லது சிலிண்டர் முடிந்துவிட்டதென்று எண்ணி வேறொன்றை மாட்டுவர். இரண்டும் பொதுவாகத் தவறே. வெண்மையாகப் படிவது எரிவாயு அன்று. அது காற்றிலிருந்த நீராவி, குளிர்ந்த இரும்பிற் பட்டு உறைந்தது. ஆனால் இரும்பு ஏன் அவ்வளவு குளிர வேண்டும்?

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவமே. புரோப்பேன், பியூற்றேன் என்னும் இரு பொருள்களின் கலவை அது. புரோப்பேன் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் பூச்சியத்திற்குக் கீழே 42 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். பியூற்றேன் பூச்சியத்திற்கு அரைப் பாகை கீழே கொதிக்கும். மூடிய பாத்திரத்துள் இவை தம் ஆவியின் அமுக்கத்தினாலேயே திரவமாக அடங்கியிருக்கின்றன. அடுப்பின் திருகைத் திறந்ததும் மேலேயுள்ள ஆவி வெளியேறுகிறது. அமுக்கம் சிறிது தளர்கிறது. திரவம் கொதித்துப் புதிய ஆவியைத் தருகிறது. ஆகவே எரிவாயுச் சிலிண்டர் வெறும் சேமிப்புப் பாத்திரம் அன்று. அது ஒரு கொதிகலம். மற்றக் கொதிகலங்களுக்குக் கீழே நெருப்பு உண்டு. இதற்கு நெருப்பு இல்லை.

நீரைக் கொதிக்கவைக்க வெப்பம் வேண்டும் என்பது அடுக்களையில் நிற்கும் எவருக்கும் தெரிந்தது. இந்தத் திரவமும் அதற்கு விலக்கன்று. ஒரு கிலோ திரவம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 90 கிலோகலோரி வெப்பம் தேவை. இதனை மறைவெப்பம் என்பர். 10 பாகையிலுள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு இது. இவ்வெப்பத்தைத் திரவம் முதலில் தன்னிடமிருந்தே எடுக்கிறது. அடுத்துத் தன்னைத் தொட்டுநிற்கும் இரும்புச் சுவரிலிருந்து எடுக்கிறது. அதன் பின்னரே சுற்றியுள்ள காற்றிலிருந்து பெறுகிறது. காற்றோ வெப்பத்தை மிக மெதுவாகக் கொடுக்கும் கடன்காரன்.

கணக்கிட்டுப் பார்த்தால் விடயம் தெளிவாகும். நம் நாட்டு வீடுகளில் வழங்கும் 12.5 கிலோச் சிலிண்டர் பாதியளவு தீர்ந்து, 6 கிலோ திரவம் எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். அந்தத் திரவத்தையும் சிலிண்டரின் இரும்பையும் சேர்த்து ஒரு பாகை குளிரச் செய்ய ஏறத்தாழ 5 கிலோகலோரி வெப்பத்தை அகற்றினாற் போதும். கிடாரம் ஏற்றும் அடுப்பு மணித்தியாலத்திற்கு ஒன்றரைக் கிலோ வாயுவை எரிக்கிறதென்றால், அதற்கு 135 கிலோகலோரி மறைவெப்பம் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் சிறிதும் வராதிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் வெப்பநிலை 27 பாகை இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தின் 29 பாகை வெயிலில் நிற்கும் சிலிண்டர் 2 பாகைக்கு வந்துவிடும். உண்மையிற் காற்றும் ஓரளவு வெப்பம் தருவதால் இறக்கம் சற்றுத் தாமதமாகும். உறைபனி இரண்டாம் மணித்தியாலத்திலே தோன்றும். வீட்டு அடுப்பின் ஒரு சுடரோ மணித்தியாலத்திற்கு 200 கிராம் அளவே எரிக்கும். அதற்கு வேண்டிய 18 கிலோகலோரியைச் சில பாகை குளிர்ந்ததுமே காற்று ஈடுசெய்துவிடுகிறது. அதனாலேதான் அன்றாடச் சமையலில் உறைபனியைக் காண்பதில்லை. ஈரமிக்க நாளில் வியர்வை மட்டும் தெரியும்.

குளிர்ச்சியின் விளைவு உறைபனியோடு நிற்பதில்லை. திரவத்தின் ஆவியமுக்கம் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. 30 பாகையிற் பியூற்றேனின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பூச்சியப் பாகையில் அது வளிமண்டல அமுக்கத்திற்குச் சமமாகிவிடுகிறது. அப்போது உள்ளும் புறமும் ஒரே அமுக்கம். வாயுவை வெளியே தள்ள எதுவும் இல்லை. புரோப்பேன் அதே பூச்சியப் பாகையிலும் நான்கு மடங்குக்கு மேல் அமுக்கம் தருவதால், கலவை முற்றாக ஓய்ந்துவிடுவதில்லை. ஆயினும் எளிதில் ஆவியாகும் புரோப்பேனே முந்திக்கொண்டு வெளியேறுகிறது. சிலிண்டரின் கடைசிப் பகுதியிற் பியூற்றேனே மிகுந்து நிற்கும். திரவம் குறையக் குறைய வெப்பச் சேமிப்பும் குறைகிறது. திரவம் தொட்டுநிற்கும் சுவரின் பரப்பும் சுருங்குகிறது. முடியுந் தறுவாயிலுள்ள சிலிண்டர் விரைவிற் சோர்வதற்குக் காரணங்கள் இவையெல்லாம் ஒன்றுகூடுவதே.

நுவரெலியாவில் தை மாதத்து அதிகாலையில் இதே அடுப்பை மூட்டினால் நிலைமை வேறு. சிலிண்டர் 10 பாகையிலிருந்தே புறப்படுகிறது. அரை மணித்தியாலத்திற்குள் பூச்சியத்தைத் தொட்டுவிடும். கடற்கரை ஊரிற் பகல் முழுவதும் சமைத்த சமையற்காரர் மலைநாட்டிற் சென்று அதே சிலிண்டரைக் குறைகூறுவதில் வியப்பில்லை.

அமுக்கம் இறங்குவதைச் சுடர் எல்லா அடுப்பிலும் ஒரேவிதமாகக் காட்டாது. வீட்டு அடுப்பின் ரெகுலேற்றர், சிலிண்டருக்குள் அமுக்கம் எவ்வளவு இருந்தாலும் அதனை மிகத் தாழ்ந்த ஓர் அளவுக்கு இறக்கியே விடுகிறது. ஆதலால் உள்ளே அமுக்கம் பெரிதும் குறையும்வரை சுடர் மாறாது. பின்னர் திடீரெனச் சாம்பும். பெரிய அடுப்புகளுக்குரிய உயரமுக்க ரெகுலேற்றரிலோ சுடர் படிப்படியாகக் குறுகும். சுடர் குறுகினால் செலவும் குறைகிறது. செலவு குறைந்தால் குளிர்ச்சியும் மட்டுப்படுகிறது. இறுதியிற் காற்று தரும் வெப்பத்திற்கு ஏற்ற அளவு சிறு சுடரோடு சிலிண்டர் நிலைபெற்றுவிடும்.

உறைபனியின் மேல்விளிம்பு உள்ளேயிருக்கும் திரவத்தின் மட்டத்தை ஏறத்தாழக் காட்டும். இது ஒரு பயன். ஆனால் உறைபனி ரெகுலேற்றரிலோ குழாயிலோ படிந்தால் கதை வேறு. சிலிண்டர் சாய்ந்திருப்பதாலோ அளவுக்கு மேல் நிரப்பப்பட்டதாலோ திரவமே வெளியேறக்கூடும். பொருத்து வாயில் ஒழுக்கு இருந்தாலும் அவ்விடம் குளிரும். உடனே திருகை மூட வேண்டும். தீ இல்லாத இடத்திற் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சோர்ந்த சிலிண்டரைச் சாக்கினாற் போர்த்துவோர் உண்டு. அது வெளிக்காற்றின் வெப்பத்தையும் தடுத்துவிடும். படிந்த உறைபனியும் ஒரு போர்வையே. அதைத் துடைத்துவிடுவது சிறிது உதவும். கொதிநீர் ஊற்றுவதும், கீழே தணல் வைப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. அமுக்கம் எங்கே போய் நிற்கும் என்பது எவர் கையிலும் இல்லை. சரியான வழி, சிலிண்டர் ஒவ்வொன்றின் சுமையையும் குறைப்பதே. இரண்டு சிலிண்டர்களை அதற்குரிய இணைப்புக் குழாயால் விற்பனையாளரைக்கொண்டு பொருத்தினால், ஒவ்வொன்றும் பாதி வாயுவையே தரும். குளிர்ச்சியும் அவ்வாறே குறையும். 37.5 கிலோப் பெரிய சிலிண்டரும் அதே காரணத்தால் தாங்கும்.

சிலிண்டர் முடிந்ததா, குளிர்ந்ததா என்று அறியத் தராசு போதும். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் கழுத்தருகே பொறிக்கப்பட்டிருக்கும். நிறுத்த நிறையில் அதைக் கழித்தால் எஞ்சிய திரவம் தெரியும். இரண்டு மூன்று கிலோ எஞ்சியிருந்தும் சுடர் வராவிட்டால், அடுப்பை அணைத்துச் சில மணித்தியாலம் காற்றோட்டமுள்ள இடத்தில் விட்டுவைத்தாற் போதும். காற்று தன் கடனைத் தீர்த்ததும், அதே சிலிண்டர் மறுபடி எரியும்.