போர்டைக் கழற்றிட்டுப் போன டாக்டருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பழைய இடத்துல இல்ல. மேப்ல இருக்கிற நம்பருக்கு அடிச்சா யாரும் எடுக்கல. அவர்கிட்ட ஒரு கடிதம் கண்டிப்பா போய்ச் சேரணும். எந்த முகவரிக்கு அனுப்புவீங்க?

"மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல பேரைப் போட்டா வந்துடுமே"ன்னு சொல்வாங்க. வரும். ஆனா என்ன வரும், என்ன வராதுன்னு தெரிஞ்சுட்டுப் போனாதான் அது உதவும். என் தோழி ஒருத்தி இதை முழுசா செஞ்சு பார்த்தா. நானும் கூட உட்கார்ந்து தேடினேன். அவ அனுமதியோட, பேர்களை மட்டும் விட்டுட்டுச் சொல்றேன்.

அவளோட அம்மாவுக்கு ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல தைராய்டு ஆபரேஷன் நடந்து ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆச்சு. இப்போ கழுத்தோட இன்னொரு பக்கம் ஒரு கட்டி. புது டாக்டர் முதல்ல கேட்டது, "போன தடவை எடுத்த கட்டியோட பயாப்சி ரிப்போர்ட் எங்க? ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?" வீட்ல இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதுல கடைசி வரி, பயாப்சி ரிசல்ட் இன்னும் வரலைங்கறதுதான். அதுக்கப்புறம் யாரும் போய் வாங்கல. இப்போ அந்தக் கட்டடத்துல செல்போன் கடை.

இதுல ஒரு காலக்கெடுவும் இருக்கு. டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷ நடத்தை விதிமுறைகள்படி, உள்நோயாளியோட மருத்துவப் பதிவேடுகளைச் சிகிச்சை ஆரம்பிச்ச தேதியிலிருந்து 3 வருஷம் வச்சிருக்கணும். அதுக்குள்ள நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். அப்போ இவளுக்கு மிச்சம் இருந்தது நாலு மாசம்.

முதல்ல நம்பர், அப்புறம் பேர்

அதே விதிமுறைகள்ல இன்னொண்ணும் இருக்கு. டாக்டர் தன்னோட பதிவு எண்ணை கிளினிக்லயும், எழுதித் தர்ற மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாத்துலயும் போடணும். அதனால வீட்ல இருக்கிற பழைய சீட்டைத் தேடுங்க. பேருக்குக் கீழே சின்ன எழுத்துல `Reg. No.` இருக்கும். அதுதான் சாவி.

அடுத்தது `nmc.org.in`. தேசிய மருத்துவ ஆணையத்தோட தளம். அதுல `Information Desk` கீழே `Indian Medical Register` இருக்கு. பேர், பதிவு எண், மாநில கவுன்சில், வருஷம்னு பல வழியில தேடலாம்.

தோழி வெறும் நம்பரை மட்டும் போட்டா. வந்தது வேற வேற ஊர் ஆளுங்க. காரணம், பதிவு எண்ணைக் கொடுக்கிறது ஒவ்வொரு மாநில கவுன்சிலும் தனித்தனியா. தமிழ்நாட்டுல ஒருத்தருக்கு இருக்கிற அதே எண் இன்னொரு மாநிலத்துல வேற ஒருத்தருக்கு இருக்கும். அதனால எண்ணோட சேர்த்து மாநில கவுன்சிலையும் தேர்ந்தெடுக்கணும். சீட்டுல எந்த கவுன்சில்னு போடலைன்னா, அவர் எந்த மாநிலத்துல படிச்சாரோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

பேரை வச்சுத் தேடினா நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும். கார்த்திக்ங்கிற பேரை இங்கிலீஷ்ல `Karthik`, `Karthick`, `Kartik`னு மூணு விதமா எழுதலாம். இனிஷியல் முன்னாடி இருக்கும், பின்னாடி இருக்கும், சிலருக்கு விரிஞ்சே இருக்கும். அதனால பேரோட முதல் நாலஞ்சு எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்க. ஆனா அதே இனிஷியல் நமக்கு உதவியும் செய்யும். பதிவேட்டுல அப்பா பேர் தனியா இருக்கு. சீட்டுல எஸ். கார்த்திக்னு இருந்து, பதிவேட்டுல அப்பா பேர் எஸ்-ல ஆரம்பிச்சா, பெரும்பாலும் சரியான ஆள்தான். கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்தின பெண் டாக்டர்களுக்கு இது பொருந்தாது. அங்க படிச்ச வருஷம், பல்கலைக்கழகத்தை வச்சுதான் ஒப்பிடணும்.

ஒரு எச்சரிக்கை. பேர் வரலைன்னதும் "போலி டாக்டர்"னு முடிவு கட்டாதீங்க. இந்தப் பதிவேடு எம்பிபிஎஸ் வழியா வந்த அலோபதி டாக்டர்களுக்கு மட்டும். பல் டாக்டருக்கு டென்டல் கவுன்சில் தனி. சித்தா, ஹோமியோபதிக்கும் தனித்தனி கவுன்சில். மாநில கவுன்சில்ல இருக்கிற விவரம் தேசியப் பதிவேட்டுக்கு வர்றதுக்கும் தாமதம் ஆகலாம். தமிழ்நாட்டு டாக்டர்னா சென்னை அரும்பாக்கத்துல இருக்கிற தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்கிறதுதான் உறுதியான வழி.

அந்த முகவரி யாரோட முகவரி?

தோழிக்கு ஆள் கிடைச்சுட்டார். எண், அப்பா பேர், படிச்ச வருஷம் எல்லாம் பொருந்துச்சு. முகவரியும் இருந்தது. ஆனா தெற்கு மாவட்டத்துல ஒரு சின்ன ஊர். சென்னையில ஆபரேஷன் பண்ணவர் அங்க எப்படி?

அந்தக் கட்டத்தோட தலைப்பு `Permanent Address`. நிரந்தர முகவரி. பொதுவா, ஹவுஸ் சர்ஜன் முடிச்சு, இருபத்து மூணு இருபத்து நாலு வயசுல பதிவு பண்ணும்போது கொடுத்தது. அந்த வயசுல எல்லாரும் கொடுக்கிறது அப்பா அம்மா இருக்கிற வீடுதான். அதுக்கப்புறம் நாலு ஆஸ்பத்திரி மாறியிருந்தாலும் பதிவேடு தானா மாறாது. இந்தப் பதிவேடு "இவர் டாக்டர்தானா?"ங்கற கேள்விக்குப் பதில் சொல்லும். "இன்னைக்கு எங்க உட்கார்ந்திருக்கார்?"ங்கறதுக்குப் பதில் சொல்லாது. அந்த வீட்டுக்கு ஆள் போய் நிக்கிறது தப்பும்கூட. அங்க இருக்கிறது வயசான பெத்தவங்களா இருக்கலாம், வீட்டை வாங்கின வேற யாராவதாவும் இருக்கலாம்.

அப்போ இடத்தை எங்க தேடுறது? இடத்துக்குன்னு வேற பதிவேடு இருக்கு. தமிழ்நாட்டுல 1997-ஆம் வருஷத்து மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கிளினிக், நர்சிங் ஹோம், லேப் எல்லாம் பதிவு பண்ணணும். 2018-ல விதிகள் வந்த பிறகுதான் அது வேகம் பிடிச்சது. அந்தச் சான்றிதழ் ரிசப்ஷன்ல மாட்டியிருக்கும். மாவட்ட அளவுல இதைப் பார்க்கிறது சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

தோழி ரெண்டு பக்கமும் போனா. இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேட்டது மூணே கேள்வி: இந்தப் பேர்ல, இந்தத் தெருவுல இருந்த நர்சிங் ஹோமோட பதிவு இப்பவும் இருக்கா? இடம் மாறியிருந்தா புது முகவரி என்ன? மூடியிருந்தா எந்தத் தேதியில? ஆர்டிஐக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதுவரை சும்மா இருக்கல. பதிவேட்டுல கிடைச்ச முழுப் பேர், பதிவு எண் ரெண்டையும் வச்சு ஆஸ்பத்திரிகளோட டாக்டர் பட்டியல்ல தேடினா. நகரத்தோட இன்னொரு மூலையில ஒரு ஆஸ்பத்திரியில அவர் பேர் இருந்தது. போன் பண்ணிப் பதிவு எண்ணைச் சொல்லி, அதே ஆள்தான்னு உறுதி செஞ்சுக்கிட்டா.

ஆஸ்பத்திரி முகவரிக்கு, டாக்டர் பேருக்கு ஸ்பீட் போஸ்ட். ஒரே பக்கம். நோயாளி பேர், ஆபரேஷன் தேதி, என்னென்ன நகல் வேணும், அம்மாவோட கையெழுத்து. கையெழுத்து முக்கியம். நோயாளி கேட்கணும், இல்ல அவர் எழுதிக் கொடுத்த ஆள் கேட்கணும். டாக்டர் நல்லபடியாவே பதில் போட்டார்: ஃபைல் நர்சிங் ஹோம்கிட்ட, என்கிட்ட இல்ல, பயாப்சி அனுப்பினது இந்த லேபுக்கு. லேப்ல தேதியை வச்சு ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்துட்டாங்க. ஆர்டிஐ பதில் 26-வது நாள் வந்தது. நர்சிங் ஹோம் நிர்வாகம் மாறி, ரெண்டு தெரு தள்ளி வேற பேர்ல நடக்குது. ஆபரேஷன் நோட்ஸ் அங்க கிடைச்சது. மூணு வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தது.

வக்கீல்னா?

வக்கீல் விஷயத்துல இது வேற மாதிரி. பத்திரத்தைக் கொடுத்திருப்பீங்க, ஆபீஸ் பூட்டியிருக்கும். இங்க சாவி என்ரோல்மென்ட் நம்பர். தமிழ்நாட்டுல `MS 1234/2005` மாதிரி இருக்கும், கடைசியில வர்றது பதிவு செஞ்ச வருஷம். நீங்க கையெழுத்துப் போட்ட வக்காலத்து நகல்ல அதுவும் ஆபீஸ் முகவரியும் இருக்கும். பட்டியலை வச்சிருக்கிறது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துல இருக்கிற தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில்.

ஆனா வக்கீல் இன்னைக்கு எங்க இருக்கார்னு காட்டுறது `services.ecourts.gov.in`. `Case Status` போய், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, `Advocate` பகுதியில அவர் பேரைப் போட்டா, அவர் நடத்துற வழக்குகள் வரும். ஒரு வழக்கைத் திறந்தா அடுத்த வாய்தா தேதியும் எந்தக் கோர்ட்டுங்கறதும் இருக்கும். அந்தக் காலையில அவரோ ஜூனியரோ அங்க வந்தே ஆகணும். பேர் இங்கயும் பல விதமா எழுதியிருப்பாங்க, அதையும் மாத்திப் போட்டுப் பாருங்க.

"ஃபீஸ் பாக்கி, அதனால கட்டைத் தரமாட்டேன்"னு அவர் சொன்னா, அது செல்லாது. கட்டணத்துக்காக வக்கீல் கட்சிக்காரரோட கோப்பைப் பிடிச்சு வச்சுக்க முடியாதுன்னு 2000-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஃபீஸ் வேணும்னா அவர் தனியா கேட்டு வாங்கிக்கணும். நீங்க பார் கவுன்சிலுக்கு எழுத்துல புகார் கொடுக்கலாம். அப்பவும் முதல் வரியில வேண்டியது அந்த என்ரோல்மென்ட் நம்பர்தான்.

அதனால இன்னைக்கு ஒரு சின்ன வேலை. வீட்ல இருக்கிற கடைசி மருந்துச் சீட்டை எடுத்து, பதிவு எண் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. இல்லைன்னா, அடுத்த தடவை போகும்போது டாக்டர்கிட்டயே கேளுங்க. போடச் சொல்லி விதியே இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.