ஆயுதம் யாருடையது?



அம்பிகையின் இயல்பான ஸ்வரூபம் தாய் ஸ்வரூபமே என்றும், சூலமேந்திப் போர்க்களம் புகுவது பிள்ளைகளுக்கு இடர் நேர்ந்த வேளையில் அவள் மேற்கொள்ளும் தற்காலிகக் கோலமே என்றும், காரியம் முடிந்ததும் ஆயுதத்தைக் கீழே வைத்து அடங்கிவிடுவதே அவளுக்குத் தர்மம் என்றும் நம்முடைய பிரசங்கிகள் பலர் மேடைதோறும் சொல்லி வருகிறார்கள். அந்தக் கொள்கையை நான் முற்றாக மறுக்கிறேன். மறுப்பதற்கு வேறு சாஸ்திரம் தேடிப் போக வேண்டியதில்லை. அவர்கள் கையில் வைத்திருக்கிற தேவீ மாஹாத்மியமே போதும்.

மார்க்கண்டேய புராணத்தில் அடங்கிய அந்த நூலில், கதை கேட்பவர்கள் யார் என்பதை முதலில் கவனியுங்கள். பகைவரிடம் ராஜ்யத்தைப் பறிகொடுத்துக் காட்டுக்கு வந்த சுரதன் என்னும் அரசன் ஒருவன். மனைவியும் மக்களும் பொருளைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்ட சமாதி என்னும் வணிகன் மற்றொருவன். அதிகாரத்தை இழந்து நிற்கும் இருவருக்கு மேதஸ் முனிவர் சொல்லும் கதை அது. அதிகாரம் எங்கே பிறக்கிறது, யாரிடம் தங்குகிறது என்னும் விசாரம் அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது.

மகிஷனிடம் தோற்ற தேவர்களுடைய கோபத்திலிருந்து எழுந்த தேஜஸ் ஒன்றுகூடி ஒரு பெண்ணாகிறது. சிவன் தன் சூலத்திலிருந்து ஒரு சூலத்தையும், திருமால் தன் சக்கரத்திலிருந்து ஒரு சக்கரத்தையும், இந்திரன் வஜ்ரத்தையும் தருகிறார்கள். ஏறுவதற்கு இமவான் சிங்கம் தருகிறான். இந்த இடத்தோடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டால், அவளுடைய பலமெல்லாம் ஆண் தேவர்கள் கொடுத்த இரவல்தான் என்று சொல்லிவிடலாம். நம் பிரசங்கிகள் இந்த இடத்தோடுதான் கட்டி வைக்கிறார்கள்.

நூலோ மேலே நடக்கிறது. அவள் அழகைக் கேள்வியுற்ற சும்பன் என்னும் அசுரன் தன்னை மணக்கும்படி தூது விடுகிறான். போரில் தன்னை வெல்பவனையே மணப்பதாக விரதம் பூண்டிருப்பதாக அவள் மறுமொழி சொல்லுகிறாள். போர் மூண்டபின் தேவியின் உடலிலிருந்து வெளிப்பட்ட சக்தி, சிவபெருமானையே அசுரனிடம் தூது போகச் சொல்லுகிறாள். சிவதூதி என்று அவள் பெயர் பெற்றது அதனால்தான். தம்பி நிசும்பனையும் இழந்த சும்பன், பிறருடைய பலத்தை அண்டியல்லவா நீ போர் செய்கிறாய் என்று இறுதியில் ஏசுகிறான். பிரசங்கிகளின் வாதத்தை அசுரன் வாயில் வைத்திருக்கிறார் புராணகாரர்! இவ்வுலகில் நான் ஒருத்தியே இருக்கிறேன், இவர்கள் என் விபூதிகள் என்று சொல்லி, உடன் நின்று போரிட்ட சக்திகள் அனைவரையும் தன்னுள் ஒடுக்கிக்கொண்டு, அவள் தனியே நின்று சண்டையிடுகிறாள். இரவலாகத் தோன்றியது அவளுடைய சொந்த உடைமையாக முடிகிறது. எல்லா உயிர்களிலும் தாய் வடிவாக இருப்பவள் என்று தேவர்கள் துதித்ததும் இந்தச் சும்பன் கதையின் தொடக்கத்திலேதான். தாய்மை வீரத்துக்குப் பின் வாங்கும் ஓய்வன்று.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் இதை அறிந்திருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் குடைந்த மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில், நடுக் கருவறையில் சிவனோடு உமையும் குழந்தைக் கந்தனும் வீற்றிருக்க, பக்கச் சுவரிலே எட்டுக் கையோடு சிங்கத்தின்மேல் வில்லை வளைத்துத் துர்க்கை பாய்கிறாள். எதிரே பின்வாங்கும் மகிஷனுக்கு எருமைத் தலைதான்; ஆனாலும் அவன் கையில் கதை இருக்கிறது, தலைக்குமேல் வெண்கொற்றக்குடை இருக்கிறது. அவனை ஒரு மிருகமாக அல்ல, ஓர் அரசனாகவே செதுக்கியிருக்கிறார்கள். தாயும் வீரியும் ஒரே கூரையின்கீழ் இருக்க, ஒருத்தியின்பொருட்டு மற்றொருத்தியை அவர்கள் அகற்றவில்லை.

அகற்றியது வேறொரு கதை. மலயத்துவச பாண்டியன் வேள்வியில் மூன்று தனங்களோடு தோன்றிய தடாதகை முடிசூடித் திக்விஜயம் செய்து, கயிலையில் சிவகணங்களோடு பொருது, சிவபெருமானைக் கண்ட கணத்திலே மூன்றாவது தனம் மறைய, நாணித் தலைகுனிகிறாள். போரில் தோற்று அவள் வில்லைத் தாழ்த்தவில்லை என்பதை நன்றாக மனத்தில் வையுங்கள். தோற்கடிக்க முடியாதவளைக் கதை நாணத்தால் நிறுத்துகிறது. திருமணத்துக்குப்பின் சுந்தர பாண்டியனாக அரியணை ஏறுபவர் மணமகன்.

இந்தத் திருமணத்தின் இன்பத்தையோ, அதில் உருகும் அடியாரின் பக்தியையோ நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கேட்கிறேன்: கன்னியாக நாடாண்டவள் மணந்த பிறகு ஏன் ஆளலாகாது? மதுரைக் கோயில் மரபே அந்தக் கதைக்கு முழுதும் உடன்படவில்லையே! சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மைக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறார்கள்; மறுநாள் திக்விஜயம், அதற்கடுத்த நாள் திருக்கல்யாணம். கல்யாணம் ஆனவுடன் அந்தச் செங்கோலை அவளிடமிருந்து வாங்கிவிடுவதில்லை. ஆவணியில் சொக்கநாதருக்கு முடி சூட்டும் வரையில், நான்கு மாதம், மதுரைக்கு அரசி அவளே. திருமணத்தோடு அவள் அடங்கிவிட்டாள் என்று பிரசங்கம் செய்பவர்கள், வைகாசியிலும் ஆனியிலும் ஆடியிலும் அங்கே யாருடைய ஆட்சி நடக்கிறது என்பதற்கு முதலில் விடை சொல்லட்டும்.