நேர்கோடும் வயதும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு முரண்பாடு. விண்மீன் திரள்களின் தொலைவையும் அவை விலகும் வேகத்தையும் இணைத்து எட்வின் ஹபிள் 1929-இல் வெளியிட்ட நேர்கோட்டைக் கொண்டு பேரண்டத்தின் வயதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் வந்தது. யுரேனியம் ஈயமாகச் சிதையும் வேகத்தைக் கொண்டு ஆர்தர் ஹோம்ஸ் 1946-இல் பூமிக்குச் சொன்ன வயதோ சுமார் 300 கோடி. பேரண்டத்தைவிடப் பூமி மூத்ததாக இருக்க முடியாது. ஆனாலும் ஹபிளின் கோடு கோணவில்லை, வளையவில்லை. ஒரு கோடு நேராக இருப்பது அதன் சாய்வு சரி என்பதற்குச் சான்றாகாது என்பதே என் வாதம்.

கோட்டிலிருந்து வயது எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்கக் கோமா கொத்தை எடுத்துக்கொள்வோம். கால்சியம் தன் நிறமாலையில் 393.4 நானோமீட்டரில் ஒரு கருங்கோட்டை விடுகிறது. கோமாவின் விண்மீன் திரள்களில் அதே கோடு 402.4 நானோமீட்டர் அருகே, சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரிகிறது. நகர்வு 2.3 விழுக்காடு. மற்ற தனிமங்களின் கோடுகளும் இதே விகிதத்தில் நகர்ந்திருப்பதால், எந்தக் கோடு எது என்பதில் குழப்பமில்லை. ஒளியின் வேகமான நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை இந்த விகிதத்தால் பெருக்கினால், அவை நொடிக்குச் சுமார் 6,900 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவது தெரியும். கொத்துக்குள் ஒவ்வொரு திரளும் தன் போக்கிலும் அலைவதால், பலவற்றின் சராசரியைத்தான் நம்ப வேண்டும். நமக்கு மிக அருகிலுள்ள திரள்களில் இந்தத் தனி ஓட்டமே மேலோங்கிவிடும். 1912-இல் லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் முதன்முதலில் அளந்த ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோமாவின் தொலைவு சுமார் 32 கோடி ஒளியாண்டுகள். அதை வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். இருமடங்கு தொலைவிலுள்ள கொத்து இருமடங்கு வேகத்தில் விலகுவதால் அதற்கும் இதே விடைதான். எல்லாத் திரள்களும் ஒரே காலத்தைச் சுட்டுவதுதான் நேர்கோட்டு உறவின் உட்பொருள்.

இந்த வகுத்தலில் வேகமும் தொலைவும் ஒரே தரத்தவை அல்ல. வேகத்தை நிறமாலைத் தட்டிலேயே நேரடியாக அளந்துவிடலாம். தொலைவையோ, உண்மை ஒளிர்வு தெரிந்ததாகக் கருதும் விண்மீன்கள் எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதிலிருந்து ஊகிக்க வேண்டும். அந்த ஒளிர்வைக் குறைத்து மதிப்பிட்டால் எல்லாத் தொலைவுகளும் ஒரே மடங்கில் சுருங்கும். கோடு நேராகவே நிற்கும், சாய்வு மட்டும் செங்குத்தாகும். ஹபிளுக்கு நேர்ந்தது அதுவே. ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்றார். இன்றைய மதிப்பு 70-ஐ ஒட்டியது. பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவின் ஆர்.ஆர். லைரா விண்மீன்கள் தெரியவேண்டும் என்று வால்டர் பாடே எதிர்பார்த்தார். தெரியவில்லை. செஃபீட் மாறு விண்மீன்களில் இரண்டு வகை உண்டு, ஹபிள் பயன்படுத்தியவை நினைத்ததைவிட ஒளி மிக்கவை என்று அவர் 1952-இல் அறிவித்ததும் பேரண்டத்தின் தொலைவுகள் இருமடங்காயின. தொலைதூரத் திரள்களில் ஹபிள் தனி விண்மீன்களாகக் கொண்ட சில புள்ளிகள் ஒளிரும் வாயுத் திரட்சிகளே என்று ஆலன் சாண்டேஜ் காட்டி, 1958-இல் சாய்வைச் சுமார் 75-க்கு இறக்கினார். ஹபிளின் கோட்டில் இந்தத் தவறின் சாயல்கூட இல்லை. அதோடு தொடர்பே இல்லாத ஒரு கடிகாரமான பாறைதான் ஐயத்தைக் கிளப்பியது.

செம்பெயர்ச்சிக்கு விலகல் காரணமல்ல, நெடும்பயணத்தில் ஒளி ஆற்றலை இழக்கிறது என்று ஃபிரிட்ஸ் சுவிக்கி 1929-இல் சொன்னார். ஒளி வெறுமனே களைத்திருந்தால் நிறம் மட்டும் மாறும், நிகழ்ச்சிகளின் கால அளவு மாறாது. ஆனால் நிறமாலை 50 விழுக்காடு நகர்ந்த சூப்பர்நோவா ஒன்று மங்குவதற்கு, அருகிலுள்ளதைப்போல ஒன்றரை மடங்கு காலம் எடுக்கிறது. விரிவு இதையே எதிர்பார்க்கிறது. எல்லாம் நம்மை விட்டு விலகினால் நாம் நடுவில் இருக்கிறோமா என்றும் கேட்கலாம். இல்லை. உறவு நேர்கோடாக இருந்தால் எந்தத் திரளில் நின்று பார்த்தாலும் அதே கோடுதான் கிடைக்கும்.

இன்னும் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தொலைவை வேகத்தால் வகுத்தது, வேகம் என்றும் மாறவில்லை என்று கொண்டுதான். பருப்பொருளின் ஈர்ப்பு விரிவைத் தொடர்ந்து தணித்திருந்தால் உண்மை வயது அதில் மூன்றில் இரண்டு பங்கே, அதாவது சுமார் 930 கோடி ஆண்டுகள். அப்படியானால் 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோளக் கொத்துகளுக்கு இடமே இராது. 1998-இல் தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததிலிருந்து, விரிவு இப்போது விரைவுபடுவது தெரிந்தது. தொடக்கத்தின் தணிவும் பிந்தைய விரைவும் ஏறத்தாழ ஈடுகட்டிக்கொள்வதால், 1,380 கோடி என்ற இன்றைய வயது எளிய வகுத்தலின் விடையை ஒட்டியே நிற்கிறது.

சாய்வைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. செஃபீட்களும் சூப்பர்நோவாக்களும் வழியாக ஏறி வருவோர்க்கு 73 கிடைக்கிறது. பேரண்டத்தின் பழைய நுண்ணலை ஒளியிலிருந்து இறங்கி வருவோர்க்கு 67. மீண்டும் ஒரு வெளிக் கடிகாரத்தைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கோளக் கொத்துகளின் வயதில் இன்றும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு நிச்சயமின்மை இருக்கிறது. இவ்விரு மதிப்புகளையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்ல அது போதாது.